ஒரே துடிப்பு, ஆறு கோடுகள்

மருத்துவம், செவிலியம், பிசியோதெரபி என எந்தப் படிப்பில் சேர்ந்தாலும் முதலாண்டு பிசியாலஜி புத்தகத்தில் ஒரு பக்கம் மாணவர்களை மிரட்டும். ஒன்றின் கீழ் ஒன்றாக ஆறு கோடுகள் அந்தப் பக்கத்தில் நெளிந்து ஓடும். இதயத்தின் ஒரே ஒரு துடிப்பில், ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் நடப்பதை எல்லாம் அந்த ஆறு கோடுகளில் அடக்கியிருப்பார்கள். இதற்கு விக்கர்ஸ் வரைபடம் என்று பெயர். அமெரிக்காவின் கிளீவ்லண்டில் பணியாற்றிய கார்ல் விக்கர்ஸ் (1883–1963) என்ற பிசியாலஜி அறிஞரின் பெயர் அது. அவருக்கு அரை நூற்றாண்டு முன்பே, 1860-களின் தொடக்கத்தில், பிரான்சில் ஷோவோவும் மாரேயும் குதிரையின் இதயத்துக்குள் குழாய் செலுத்தி அழுத்தத்தைப் பதிவு செய்திருந்தார்கள்.

பெரும்பாலான மாணவர்கள் இந்தப் படத்தைக் கோலம் போல மனப்பாடம் செய்கிறார்கள். இந்தக் கோடு இப்படி ஏறும், அந்தக் கோடு அப்படி இறங்கும் என்று கைக்குப் பழக்கிக்கொள்கிறார்கள். பரீட்சை முடிந்த மறுவாரமே அது மறந்துவிடுகிறது. ஆனால் படத்துக்குள் இருக்கும் விதி ஒன்றுதான்: வால்வுக்கு இருபுறமும் உள்ள அழுத்தத்தில் எது அதிகமோ, அதுவே வால்வைத் திறக்கிறது அல்லது மூடுகிறது. வால்வுக்குச் சொந்த புத்தி கிடையாது. ஒரு பக்கமாக மட்டும் திறக்கும் கதவு அது, அவ்வளவுதான். ஆகவே இரண்டு அழுத்தக் கோடுகள் எங்கெல்லாம் ஒன்றையொன்று வெட்டுகின்றனவோ, அங்கெல்லாம் ஒரு வால்வு திறக்கும் அல்லது மூடும். இந்த வெட்டுப்புள்ளிகள் தெரிந்தால் மீதியை யோசித்தே வரைந்துவிடலாம்.

வரைந்தே பார்ப்போம். இதயத்தின் இடப்பக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். நுரையீரலிலிருந்து வரும் ரத்தம் இடது மேலறைக்கு வருகிறது. அங்கிருந்து மைட்ரல் வால்வு வழியாகக் கீழறைக்கு இறங்குகிறது. கீழறையிலிருந்து அயோர்ட்டிக் வால்வு வழியாகப் பெருந்தமனிக்குப் போய், உடல் முழுவதும் பரவுகிறது. நமக்குத் தேவையான உடற்கூறு இவ்வளவுதான்.

ஒரு கிராஃப் தாளைக் குறுக்குவாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 75 முறை துடிக்கும் இதயத்தில் ஒரு துடிப்புக்கு 0.8 நொடி. கிடைக்கோட்டில் அதைப் பதினாறு கட்டங்களாகப் பிரித்தால் ஒரு கட்டம் 0.05 நொடி. கோடு எதையும் வரைவதற்கு முன்னால் நான்கு செங்குத்துக் கோடுகளை மெல்லிதாகப் போட்டுவிடுங்கள். பூஜ்யத்தில் மைட்ரல் வால்வு மூடுகிறது. 0.05-இல் அயோர்ட்டிக் வால்வு திறக்கிறது. 0.30-இல் அயோர்ட்டிக் மூடுகிறது. 0.40-க்குச் சற்று முன்னால், 0.38 வாக்கில், மைட்ரல் மறுபடி திறக்கிறது. அதன் பிறகு 0.80 வரை அது திறந்தே இருக்கும். இந்தக் காலங்கள் ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும் சராசரிகளே. ஆனாலும் அவற்றின் விகிதம் முக்கியம். முதல் இடைவெளி ஒரே ஒரு கட்டம். கடைசி இடைவெளி எட்டுக் கட்டங்களுக்கும் மேல். நான்கையும் சம அகலத்தில் போட்டுவிட்டால் படத்தின் உயிர் போய்விடும்.

இப்போது இடது கீழறையின் அழுத்தம். பூஜ்யத்தில் அது 10 மி.மீ. பாதரச அளவில் இருக்கிறது. கீழறை சுருங்கத் தொடங்கியதும் அதன் அழுத்தம் மேலறையைத் தாண்டுகிறது. உடனே மைட்ரல் மூடுகிறது. அயோர்ட்டிக் இன்னும் திறக்கவில்லை, ஏனென்றால் பெருந்தமனியில் 80 இருக்கிறது. இரண்டு பக்கமும் அடைபட்ட அறையில் சுவர் இறுகினால் அழுத்தம் செங்குத்தாக ஏறத்தான் செய்யும். ஒரே கட்டத்துக்குள் 10-லிருந்து 80-க்கு ஒரு பாய்ச்சல். 80-ஐத் தாண்டிய கணம் அயோர்ட்டிக் திறக்கிறது. அங்கிருந்து கோடு ஒரு குன்று போல வளைந்து 120 வரை போய், 0.30-இல் 100-க்கு வருகிறது. பிறகு மறுபடி இரண்டு வால்வுகளும் மூடிய நிலை, இம்முறை தளர்ச்சி. அழுத்தம் செங்குத்தாக விழுந்து 0.38-இல் மேலறையின் அழுத்தத்துக்கும் கீழே போகிறது. மைட்ரல் திறக்கிறது. அதற்குப் பிறகு கோடு தரையோடு ஒட்டி, மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போகும்.

பெருந்தமனியின் கோடு கீழறையோடு சேர்ந்து இருப்பது 0.05-லிருந்து 0.30 வரை மட்டும்தான். வால்வு திறந்திருக்கும் வரை இரண்டும் ஏறக்குறைய ஒரே அழுத்தம். வால்வு மூடும்போது ஒரு சிறு பள்ளம் விழும். அதற்குப் பின் கீழறை தரைக்கு விழுந்தாலும் பெருந்தமனி விழாது. ரத்தம் பாய்ந்தபோது விரிந்த அதன் மீள்தன்மையுள்ள சுவர் இப்போது சுருங்கி ரத்தத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. அதனால் அந்தக் கோடு நிதானமாகச் சரிந்து, அடுத்த திறப்புக்குள் 80-க்கு வந்து சேரும். ரத்த அழுத்தம் பார்க்கும்போது மருத்துவர் சொல்லும் 120/80 இந்தக் கோட்டின் உச்சியும் அடியும்தான்.

மேலறையின் கோடு எப்போதும் தாழ்வாகவே ஓடும். 10-ஐத் தாண்டுவது அபூர்வம். மைட்ரல் மூடியிருக்கும் காலம் முழுக்க நுரையீரலிலிருந்து ரத்தம் வந்து சேர்ந்துகொண்டே இருப்பதால் அது மெல்ல ஏறும். கதவு திறந்ததும் இறங்கும். பிறகு 0.70 வாக்கில் மேலறை தானே ஒருமுறை சுருங்கி ஒரு சின்ன மேடு போடும்.

நான்காவது கோடு கீழறையில் உள்ள ரத்தத்தின் அளவு. தொடக்கத்தில் 120 மில்லி. 0.05 வரை அசையாது. அதன்பின் சரிந்து 0.30-இல் 50 மில்லி. 0.38 வரை மறுபடி அசையாது. மைட்ரல் திறந்ததும் மடமடவென நிரம்பி, பிறகு வேகம் குறைந்து, 0.70-க்குள் 100 மில்லியை எட்டும். மேலறை கடைசியாகத் தள்ளும் 20 மில்லியோடு 120. நிரப்பும் வேலையைச் செய்வது மேலறையின் சுருக்கம் என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பெரும்பகுதி அது சுருங்குவதற்கு முன்பே இறங்கிவிடுகிறது என்பதை இந்தக் கோட்டில் கண்ணாலேயே பார்க்கலாம்.

மிச்சம் இரண்டும் எளிது. லப் என்ற முதல் ஒலி மைட்ரல் மூடும் இடத்தில். டப் என்ற இரண்டாம் ஒலி அயோர்ட்டிக் மூடும் இடத்தில். நல்ல வால்வு திறக்கும்போது சத்தம் கேட்பதில்லை. ஈ.சி.ஜி.யில் மின்சாரம் முந்தும், சுருக்கம் பிந்தும். மேலறை மேட்டுக்குச் சற்று முன் பி அலை. பூஜ்யத்துக்குச் சற்று முன் கூரான கியூ.ஆர்.எஸ். இரண்டாம் ஒலிக்குச் சற்று முன் டி அலை.

இப்போது தாளைத் திருப்பிப் போடுங்கள். புத்தகத்தையும் மூடிவிடுங்கள். வெற்றுத் தாளில் முதலில் நான்கு செங்குத்துக் கோடுகள், ஒவ்வொன்றின் தலையிலும் எந்த வால்வு, திறப்பா மூடலா என்ற குறிப்பு. பிறகு எண்கள் மட்டும்: 10, 80, 120, 100, அளவுக்கு 120, 50. அந்தப் புள்ளிகளை இட்ட பிறகே கோட்டை இழுக்க வேண்டும். நடுவில் மறந்துவிட்டால் புத்தகத்தை எட்டிப் பார்க்காமல், அந்த நேரத்தில் எந்தக் கதவு திறந்திருக்கிறது என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் பதில் அங்கேயே கிடைக்கும். முழுதும் முடித்த பிறகு வேறு நிறப் பேனாவால் திருத்துங்கள். அழிக்க வேண்டாம். எங்கே பிசகினோம் என்பதை அந்த நிறம்தான் மறுநாள் காட்டும். இரண்டு நாள் கழித்து மறுபடி வரையும்போது, பூஜ்யத்தில் தொடங்காமல் 0.30-லிருந்து தொடங்கிப் பாருங்கள். கை மட்டும் பழகியவர்கள் அங்கே திணறுவார்கள்.

பிசகுவது எங்கே என்பதற்கு ஒரு உதாரணம். செவிலியர் மாணவி ஒருத்தி வரைந்த படத்தில் எல்லாம் அழகாக இருந்தது. ஆனால் அளவுக் கோடு பூஜ்யத்திலிருந்தே சரியத் தொடங்கியிருந்தது.

“கீழறை சுருங்க ஆரம்பிச்சாச்சே சார், அளவு குறையணும்தானே?” என்றாள்.

“அந்த நேரத்துல எந்தக் கதவும்மா திறந்திருக்கு?”

தன் படத்திலேயே விரலை வைத்துப் பார்த்தாள். “மைட்ரல் மூடியாச்சு… அயோர்ட்டிக் 0.05-லதான்… ரெண்டும் இல்ல சார்.”

“அப்போ ரத்தம் எந்த வழியாப் போச்சு?”

சிரித்துவிட்டு, சரிந்த கோட்டின் மேலேயே பச்சைப் பேனாவால் ஒரு கட்டம் நீளத்துக்குச் சமதளம் போட்டாள். இது மிகப் பரவலான பிசகு. சுருங்குவது வேறு, வெளியேற்றுவது வேறு. இரண்டுக்கும் இடையில் அந்த ஒரு கட்டம் இருக்கிறது. அடுத்த பரவலான பிசகு, பெருந்தமனியின் கோட்டைக் கீழறையோடு சேர்த்துத் தரைக்கு இறக்கிவிடுவது. அப்படி நடந்தால் ஒவ்வொரு துடிப்புக்கு நடுவிலும் நமக்கு நாடி மட்டுமல்ல, ரத்த ஓட்டமே நின்றுபோகும். வரைந்த படம் சரிதானா என்று பார்க்க ஒரு ஸ்கேல் போதும். அதைச் செங்குத்தாக வைத்து ஒவ்வொரு வெட்டுப்புள்ளியிலும் நிறுத்துங்கள். அந்த இடத்தில் அளவுக் கோடு திரும்புகிறதா அல்லது சமதளமாகிறதா? ஒரு கோடு மட்டும் தன்னிஷ்டத்துக்குத் திரும்பியிருந்தால் பிழை அங்கேதான்.

விதிக்கு ஒரு சிறு விலக்கு உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். ரத்தம் வெளியேறும் காலத்தின் பிற்பகுதியில் பெருந்தமனியின் அழுத்தம் கீழறையை விட ஒரு நூலளவு கூடியே இருக்கும். ஆனாலும் ரத்தம் முன்னோக்கித்தான் போகும். பாய்ந்த வேகத்தில் வந்த உந்தம் அதைக் கொண்டுபோகிறது. கையால் வரையும் படத்தில் இந்த நூலளவு தெரியாது, தெரியவும் வேண்டாம்.

கையில் உள்ள படத்திலிருந்தே இன்னொரு வரைபடத்தையும் எடுக்கலாம். நேரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, கிடைக்கோட்டில் அளவையும் நெடுக்கோட்டில் கீழறை அழுத்தத்தையும் வையுங்கள். 120 மில்லி, 10 அழுத்தம் என்பது முதல் புள்ளி. அளவு மாறாமல் அழுத்தம் ஏறுவதால் நேர் மேலே 80-க்குப் போகும். அங்கிருந்து இடப்புறமாக வளைந்து 50 மில்லி, 100 அழுத்தம். பின் நேர் கீழே. பின் தரையோடு வலப்புறமாகத் தொடங்கிய இடத்துக்கு. நான்கு மூலைகள் கொண்ட ஒரு வளையம் கிடைக்கிறது. நான்கு மூலைகளும் நமது நான்கு செங்குத்துக் கோடுகளே. புத்தகத்தில் இது வேறு அத்தியாயத்தில் புதுப்படம் போல வரும். முதல் படத்தை வரையத் தெரிந்தவருக்கு இதைத் தனியாகப் படிக்க வேண்டியதில்லை.

இனி ஒரு நோயைப் படத்துக்குள் கொண்டுவருவோம். சிறு வயதில் வரும் ஒருவகைத் தொண்டைத் தொற்றுக்குப் பின் சில குழந்தைகளுக்கு ருமாட்டிக் காய்ச்சல் வருகிறது. அது வால்வுகளைப் புண்ணாக்கிவிட்டுப் போகும். ஆண்டுகள் கழித்து மைட்ரல் வால்வின் இதழ்கள் ஓரங்களில் ஒட்டிக்கொண்டு, வாசல் குறுகிப்போகும். பணக்கார நாடுகளில் பெரும்பாலும் மறைந்துவிட்ட இந்த நோயை நம் நாட்டு மருத்துவமனைகளில் இன்றும் பார்க்கிறோம். குறிப்பாக இளம்பெண்களிடம்.

படத்தில் எதை மாற்ற வேண்டும்? ஒரே ஒரு கோட்டை, மேலறை அழுத்தத்தை. குறுகிய வாசல் வழியே அதே அளவு ரத்தத்தைத் தள்ள வேண்டுமானால் மேலறையில் அழுத்தம் கூடியே ஆக வேண்டும். நல்ல இதயத்தில் மைட்ரல் திறந்திருக்கும்போது மேலறையும் கீழறையும் ஏறக்குறைய ஒட்டியே ஓடும். இங்கே இரண்டுக்கும் நடுவே ஒரு இடைவெளி விழுந்து, கடைசி வரை மூடாமலே இருக்கும். அளவுக் கோட்டிலும் அந்த மடமட ஏற்றம் போய், ஒரே சீரான சரிவுப் பாதை வரும்.

மோசமான குறுக்கத்தில் மேலறை 25-இல் நிற்கிறது என்று வையுங்கள். கீழறையின் கோடு 100-லிருந்து செங்குத்தாக விழுந்துகொண்டிருக்கிறது. முன்பு அது 10-க்கு வந்த பிறகே மேலறைக் கோட்டை வெட்டியது. இப்போது 25-லேயே வெட்டிவிடும். அதாவது மைட்ரல் சீக்கிரமே திறக்கும். நான்காவது செங்குத்துக் கோடு இடப்புறம் நகர்ந்து மூன்றாவதை நெருங்கும். ஒட்டிப்போன இதழ்கள் திறக்கும்போது சொடுக்கு போன்ற ஒரு ஒலி எழும். அது டப் என்ற ஒலிக்கு எவ்வளவு நெருக்கமாகக் கேட்கிறதோ, குறுக்கம் அவ்வளவு கடுமை என்று ஸ்டெதாஸ்கோப்பை மட்டும் வைத்துக்கொண்டு பழைய மருத்துவர்கள் கணித்தார்கள். அந்த இடைவெளி 0.04-லிருந்து 0.12 நொடி வரைதான். மூடும்போதும் அப்படியே. கீழறை 25 வரை ஏறினால்தான் மைட்ரல் மூடும், அதற்குள் கோடு மிகச் செங்குத்தாகியிருக்கும். ஆகவே கதவு படாரென்று மூடும், லப் உரத்துக் கேட்கும். ஆனால் வால்வு சுண்ணாம்பேறிக் கல்லாகிவிட்டால் சொடுக்கும் இருக்காது, உரத்த லப்பும் இருக்காது. ஒலி இல்லை என்பதற்காக நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. இன்றைக்கு எக்கோ பார்த்தே முடிவு செய்கிறார்கள்.

இந்தப் பெண்கள் பலருக்குத் திருமணம் வரை எந்தத் தொந்தரவும் தெரிவதில்லை. கர்ப்பமான பிறகு திடீரென மூச்சிரைக்கும். மல்லாந்து படுக்க முடியாது. ஏன் என்பதற்குப் படத்தின் அகலத்தைப் பாருங்கள். 75 துடிப்பில் மைட்ரல் திறந்திருக்கும் நேரம் 0.42 நொடி. நாடி 120-க்கு ஏறினால் முழுத் துடிப்பே 0.5 நொடிதான். சுருங்கும் காலம் கொஞ்சமே குறையும், 0.25 அளவில் நிற்கும். வெட்டு விழுவது நிரம்பும் காலத்தில்தான். அது ஏறக்குறைய 0.2 நொடியாகப் பாதியாகிவிடும். அதே 70 மில்லி பாதி நேரத்தில் இறங்க வேண்டுமானால் இரண்டு மடங்கு வேகம் வேண்டும். குறுகிய வாசலில் வேகத்தை இரு மடங்காக்க இடைவெளி அழுத்தம் நான்கு மடங்காக வேண்டும். அது சும்மா இருக்கும்போது 8 என்றால், இப்போது 32. கீழறையின் 5-ஐக் கூட்டினால் மேலறையில் 13 இருந்த இடத்தில் 37. மேலறைக்கும் நுரையீரலுக்கும் நடுவே வால்வு எதுவும் கிடையாது. அழுத்தம் அப்படியே பின்னோக்கிப் போகும். 25-ஐத் தாண்டினால் நுரையீரலின் நுண்குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கும். நிஜத்தில் ஒவ்வொரு துடிப்பின் அளவும் கொஞ்சம் குறைந்துவிடுவதால் கணக்கு இத்தனை கறாராக வராது. ஆனால் போகும் திசை இதுதான். கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவும் கூடுகிறது, நாடியும் கூடுகிறது. இரண்டும் சேர்ந்து அந்த இடைவெளியை அகட்டுகின்றன. காய்ச்சல் வந்தாலும் இதே கதைதான். நாடியைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை வாசலை ஒரு நூலளவும் அகலப்படுத்துவதில்லை. நிரம்பும் காலத்துக்குக் கட்டங்களைத் திருப்பித் தருகிறது, அதிலேயே மூச்சு சீராகிறது.

வாசலையே அகலப்படுத்தவும் வழி இருக்கிறது. தொடையின் சிரை வழியாகக் குழாய் செலுத்தி, இரு மேலறைகளுக்கும் நடுவிலுள்ள சுவரைத் துளைத்து, மைட்ரலில் பலூனை ஊதி, ஒட்டிய இதழ்களைப் பிரிப்பார்கள். ஜப்பானின் கான்ஜி இனோவே 1980-களில் கொண்டுவந்த முறை இது. கேத் லேபில் பலூனுக்கு முன்னும் பின்னும் திரையில் இரண்டு கோடுகளைத்தான் கவனிப்பார்கள்: மேலறை, கீழறை. முன்பு அகன்றிருந்த இடைவெளி பலூனுக்குப் பின் சுருங்கியிருந்தால் வேலை நடந்துவிட்டது. ஆனால் மைட்ரல் மூடியிருக்க வேண்டிய நேரத்தில் மேலறைக் கோடு திடீரென உயரமான மேடு போடத் தொடங்கினால், இதழ் கிழிந்து ரத்தம் பின்னோக்கிப் பாய்கிறதோ என்ற சந்தேகம் வரும்.

கடைசியாக ஒரு படத்தை நீங்களே வரைய விட்டுவிடுகிறேன். மைட்ரல் நன்றாக இருக்கிறது, அயோர்ட்டிக் வால்வு குறுகியிருக்கிறது. எந்த இரண்டு கோடுகளுக்கு நடுவே, எந்தக் கட்டங்களில் இடைவெளி விழும்? நீங்கள் வரைந்ததில் கீழறையின் குன்று பெருந்தமனியின் குன்றைத் தாண்டி உயர்ந்திருக்க வேண்டும். அதுவும் 0.05-க்கும் 0.30-க்கும் நடுவில் மட்டும். வேறு எங்காவது இடைவெளி விழுந்திருந்தால் ஸ்கேலை எடுத்து மறுபடி வைத்துப் பாருங்கள்.